சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்து

போன வருடம் ஆடி அமாவாசை அன்று அப்பா விழுந்தார். காலையில் காவிரியில் குளித்துத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு வீடு வந்து, காக்கைக்கு வைத்த பிறகு இலை முன் உட்காரும்போது மணி ஒன்றரை. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் அப்படி விரதம் இருக்கலாமா என்று கேட்காதீர்கள். நாங்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டோம். இரண்டு முறை சாதம், வாழைக்காய்ப் பொரியல், மூன்று வடை, ஒரு டம்ளர் சூடான பாசிப்பருப்புப் பாயசம். திருப்தியாகச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்தார். இரண்டு இருபது இருக்கும், வாசலில் யாரோ கூப்பிட எழுந்தவர், தூணைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கியது. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் தரையில் இருந்தார். முகம் சாம்பல் பூத்த மாதிரி, நெற்றியெல்லாம் வியர்வை.

அரை நிமிடத்தில் கண் திறந்துவிட்டார். "என்னடா எல்லாரும் நிக்கிறீங்க?" என்றார். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு சொம்பில் குளுக்கோஸ் கரைத்துக் கொண்டு வந்துவிட்டார். நாங்கள் அப்பாவை நாற்காலியில் தூக்கி உட்கார வைத்து, அதைக் குடிக்க வைத்தோம். பத்து நிமிடத்தில் மறுபடி தலை தொங்கியது. நல்ல மனதோடு நாங்கள் செய்த அந்த இரண்டு காரியமுமே தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று கையில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தது. குத்திப் பார்த்தால் 186. ஆக, சர்க்கரை இறங்கி வந்த மயக்கம் இல்லை. அப்புறம் என்ன?

இது திடீரென்று வந்ததும் இல்லை. அதற்கு முந்தைய ஆறு மாதமாகவே காலை ஒன்பது மணி வாக்கில் அப்பா ஒரு மாதிரி ஆகிவிடுவார். பேப்பரில் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டிருப்பார், கேட்டால் "எழுத்து மங்கலா இருக்கு" என்பார். கொட்டாவி விடுவார். பேசினால் பதில் தாமதமாக வரும். பத்து மணிக்கு மேல் பழைய ஆளாகி, கொல்லையில் மட்டை பொறுக்கப் போய்விடுவார். அம்மாவுக்கு இதில் ஒரு கவலையும் இல்லை. "உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. எழுபத்தொன்பது வயசு மனுஷனுக்கு இருக்காதா?" இந்த ஒரு பழமொழி எங்களுக்கு ஆறு மாதத்தை வீணாக்கியது.

நான் சும்மா இருக்கவில்லை, டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள், தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், காதில் கோளாறாக இருக்கலாம் என்று தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இருபது வருடமாக அவருக்குப் பிரஷர் உண்டு, அம்லோடிபின் 5 போடுகிறார். ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்த்தால் 155, 158 என்று காட்டும். பிரஷர் கட்டுப்படவில்லை, அதனால்தான் தலை சுற்றுகிறது என்று சொல்லி, சிறுநீர் பிரிய வைக்கும் மருந்து சேர்ந்த இன்னொரு மாத்திரையைக் காலையில் போடச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் மயக்கம் கூடியது.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது. நாங்கள் போனதெல்லாம் காலை ஏழரை மணிக்கு, சாப்பிடாமல். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டுமே! ரத்தம் கொடுத்துவிட்டு, பிரஷர் பார்த்துவிட்டு, கேன்டீனில் இட்லி சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க அப்பா பெஞ்சில் காத்திருப்பார். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அவருக்குத் தலை சுற்றும். பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடப்பார், நான் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பிட்ட பிறகு சர்க்கரை பார்க்க ஒரு டெஸ்ட் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு பிரஷர் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

விழுந்த பிறகு வேறொரு ஊரில் முதியோர் மருத்துவம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். கட்டுக்கட்டாக நான் கொண்டுபோன ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, அப்பாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, விழறதுக்கு எவ்வளவு நேரம் முன்னாடி சாப்பிட்டீங்க?" அப்பா யோசித்து, "முக்கால் மணி இருக்கும்மா" என்றார். "காலையில தலை சுத்துறது?" "அதுவும் டிபன் முடிச்சு முக்கால் மணிதான்." டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார்.

முதலில் அப்பாவைப் படுக்க வைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பிரஷர் பார்த்தார், பிறகு நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை. எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கும் கோளாறு வயதானவர்களுக்கு நிறைய உண்டு, அது இருக்கிறதா என்று பார்க்கத்தான் இது. மேல் அளவு 14தான் குறைந்தது. 20 குறைந்தால்தான் அதைக் கணக்கில் எடுப்பார்களாம். அப்போது மணி பன்னிரண்டு, அப்பா சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆகியிருந்தது. "இவருக்கு எழுந்திரிக்கிறதைவிட சாப்பிடுறதுதான் பிரச்சினைன்னு நினைக்கிறேன். நான் சொல்றதைவிட நீங்களே வீட்ல அளந்து பார்த்துடுங்க" என்று மூன்று நாள் வேலை கொடுத்தார்.

வேலை இதுதான். கையின் மேற்புறத்தில் கட்டுகிற கருவி, மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். டிபனுக்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து ஓர் அளவு. சாப்பிட ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம். ஒரே கை, ஒரே நாற்காலி, கை நெஞ்சு உயரத்தில். நாடித் துடிப்பையும் எழுத வேண்டும். வழக்கமாக என்ன சாப்பிடுவாரோ அதையே கொடுக்க வேண்டும், அளக்கிறோம் என்பதற்காகக் குறைக்கக் கூடாது. இரண்டு மணி நேரமும் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

என் மகளின் பழைய கணக்கு நோட்டில் எழுதினேன். முதல் நாள் காலை ஏழு ஐம்பதுக்கு 152/80, துடிப்பு 70. எட்டு மணிக்கு நாலு இட்லி, சாம்பார், சட்னி, முடிவில் சர்க்கரை போட்ட சூடான காபி, கூடவே மாத்திரைகள். எட்டே காலுக்கு 146. எட்டரைக்கு 131. எட்டே முக்காலுக்கு 112/60. ஒன்பது மணிக்குக் கருவி 104/56 என்று காட்டியபோது அப்பா பேப்பரை மடியில் போட்டுவிட்டு, "தம்பி, கண்ணு கட்டுதுடா" என்றார். துடிப்பு 74. ஒன்பதே காலுக்கு 106, ஒன்பதே முக்காலுக்கு 121, பத்தே காலுக்கு 138. ஒரு மணி நேரத்தில் 48 இறங்கி, அடுத்த ஒன்றேகால் மணி நேரத்தில் பழைய இடத்தை நெருங்கிவிட்டது. பத்தே காலுக்கு அவரை யாராவது பார்த்திருந்தால், இந்த மனுஷனுக்கு என்ன கோளாறு என்றுதான் கேட்பார்கள்.

மூன்று நாளும் காலையில் இதே கதை. மதியம் கொஞ்சம் குறைவு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 12தான் இறங்கியது. நிறையப் பேருக்குக் காலை உணவுக்குப் பிறகுதான் அதிகமாக இறங்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

நோட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன பெயர் போஸ்ட்பிராண்டியல் ஹைப்போடென்ஷன். சாப்பிட்ட பிறகு வரும் ரத்த அழுத்தத் தாழ்வு, அவ்வளவுதான். சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரத்துக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் இந்தப் பெயர். முன்பு 100-க்கு மேல் இருந்து 90-க்குக் கீழே போனாலும் இதுவே. 1977-ல் பார்க்கின்சன் நோயாளி ஒருவரிடம் இதைக் கவனித்து ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். 1983-ல் பாஸ்டனில் லிப்சிட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும், முதியோர் காப்பகத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்து, இது வயதானவர்களிடம் சாதாரணமாக இருப்பதைக் காட்டினார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும், கேட்டால்தான் கிடைக்கிற செய்தியாக இருக்கிறது.

ஏன் இறங்குகிறது என்று டாக்டரம்மா விளக்க ஆரம்பித்ததும் அப்பா குறுக்கே வந்தார். அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் வாய்க்கால் ஷட்டரை ஏற்றி இறக்கியதுதான் வேலை. சாப்பாடு உள்ளே போனதும் குடலுக்கு நிறைய ரத்தம் பாய்கிறது, வெறும் வயிற்றில் போவதைப்போல இரண்டு மடங்குகூடப் போகும் என்று டாக்டரம்மா சொன்னதும் அப்பா, "அப்போ மத்த வாய்க்கால் ஷட்டரை இறக்கணும்ல? இல்லேன்னா ஆத்துல மட்டம் குறைஞ்சு கடைமடைக்குத் தண்ணி ஏறாதே" என்றார்.

"அதேதான் ஐயா. உங்களுக்கு ஷட்டரை இறக்குற ஆள் லேட்டா வர்றார்."

இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. கழுத்து ரத்தக் குழாயிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாயிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. மட்டம் குறைந்தால் அவை மூளைக்குச் சொல்லும், மூளை உடனே இதயத்தை வேகமாக அடிக்க வைத்து, கை கால்களுக்குப் போகும் குழாய்களை இறுக்கச் சொல்லும். நமக்கெல்லாம் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் இது நமக்கே தெரியாமல் நடக்கிறது. வயதாகி, வருடக்கணக்கில் பிரஷரும் இருந்து குழாய்கள் விறைத்துப் போனால் அந்தச் செய்தி மந்தமாகிறது. சர்க்கரை நோயும் பார்க்கின்சனும் செய்தி கொண்டுபோகும் நரம்புகளையே கெடுக்கின்றன. அதனால் இந்த இரண்டும் உள்ளவர்களிடம் இது அதிகம். அப்பாவின் துடிப்பு 70-லிருந்து 74-க்குத்தான் போனது என்று நோட்டில் இருந்ததை டாக்டரம்மா வட்டம் போட்டுக் காட்டினார். அழுத்தம் 48 இறங்கும்போது இதயம் ஓடியிருக்க வேண்டும், இவருடையது நடந்துகொண்டிருக்கிறது. கடைமடை என்பது இங்கே தலை. மூளைக்கு ரத்தம் குறைந்தால் கண் மங்கும், பேச்சு தாமதிக்கும், அந்த நேரத்தில் எழுந்து நின்றால் ஆள் விழுவார்.

எல்லாச் சாப்பாடும் ஒரே மாதிரி இறக்குவதில்லை. மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் பெரிய குற்றவாளி, அதிலும் குளுக்கோஸ். இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குள் அது எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு வேகமாக அழுத்தமும் இறங்கும். குடல் அப்போது சுரக்கும் சில ஹார்மோன்களும் இன்சுலினும் குழாய்களைத் தளர்த்துகின்றன. ஆராய்ச்சியில் இந்தத் தாழ்வை வரவழைத்துப் பார்க்க, கரைத்த குளுக்கோஸைத்தான் குடிக்கக் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் சொம்பு ஞாபகம் வந்தது. புரதமும் கொழுப்பும் இப்படிச் சட்டென்று இறக்குவதில்லை. அளவு பெரிதாக இருந்தால் இறக்கம் கூடும், ஆவி பறக்கச் சாப்பிட்டாலும் கூடும். பசியோடு கிடந்து, ஒரே மூச்சில் சாதமும் சூடான பாயசமுமாக இறக்கிய அந்த அமாவாசைச் சாப்பாட்டைவிடப் பொருத்தமான ஒன்றை யாரும் திட்டம் போட்டுக்கூடத் தயாரிக்க முடியாது.

அப்புறம் மாத்திரை. காலை மாத்திரைகளை இரவுக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். அம்லோடிபின் நாள் முழுக்க ஒரே சீராக வேலை செய்கிற மருந்து, நேரத்தை மாற்றி இதில் பெரிய லாபம் இல்லை என்றார். அவர் கை வைத்தது புதிதாகச் சேர்த்த அந்த இன்னொரு மாத்திரையில். அதில் உள்ள சிறுநீர் பிரிக்கும் மருந்து உடம்பில் ஓடுகிற தண்ணீரையே குறைக்கிறது, ஏற்கெனவே மட்டம் போதாத ஆற்றில் அது இன்னும் மோசம். அதை நிறுத்தினார். வெறும் வயிற்றில் பிரஷர் 150 வரை இருந்தால் இவருக்கு இப்போதைக்குப் பரவாயில்லை, இடுப்பு எலும்பு உடைவதுதான் இவருக்கு உடனடி ஆபத்து என்றார். இது அப்பாவுக்குச் சொன்ன கணக்கு. இன்னொருவருக்கு இதயத்தின் நிலையைப் பொறுத்து வேறு முடிவு வரும், அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தருகிற சில மாத்திரைகளும் பார்க்கின்சன் மருந்துகளும்கூட அழுத்தத்தைக் குறைக்கும். எனவே எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போவது நல்லது. பெயர் சொல்லி ஞாபகப்படுத்த நம்மால் ஆகாது.

சாப்பாட்டில் நாங்கள் மாற்றியது மூன்றே விஷயம். முதலாவது தண்ணீர். டிபனுக்குக் கால் மணி நேரம் முன்பு, சாதாரணத் தண்ணீர் 350 மில்லி, எங்கள் வீட்டு டம்ளரில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீர் வயிற்றை விரிக்கும்போது அழுத்தம் கொஞ்சம் ஏறுகிறது, அந்த ஏற்றம் இறக்கத்தைத் தாங்கிக்கொள்கிறது. இதைச் சொல்வதற்கு முன் அப்பாவின் இதயத்துக்கு எடுத்த எக்கோ ரிப்போர்ட்டையும் சிறுநீரகத்துக்காகப் பார்த்த கிரியேட்டினினையும் டாக்டரம்மா பார்த்தார். இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் இதைக் கேட்காமல் செய்யக் கூடாது.

இரண்டாவது, சாப்பாட்டைப் பிரித்தோம். எட்டு மணிக்கு இரண்டு இட்லியும் ஒரு அவித்த முட்டையும், பத்தரைக்கு மீதி இரண்டு இட்லி. அமாவாசை, வெள்ளிக்கிழமைகளில் முட்டைக்குப் பதில் சுண்டல். சூடு ஆறியபின்தான் தட்டில் வைப்போம். இதுதான் வீட்டில் பெரிய சண்டை. ஆறிப்போன இட்லியைப் பரிமாறுவது அம்மாவுக்கு ஏதோ பாவம் செய்கிற மாதிரி. கடைசியில், கை பொறுக்கும் சூட்டில் என்று சமாதானம் ஆனது. காபி சாப்பாட்டுக்கு முன்னால் வந்தது, சர்க்கரை இல்லாமல். காபி அழுத்தத்தைத் தாங்குமா என்பதில் ஆராய்ச்சிகள் ஒரே மாதிரி சொல்லவில்லை என்று டாக்டரம்மாவே சொன்னார். ஆனால் அப்பாவிடமிருந்து காபியைப் பிடுங்குவதைவிட இடம் மாற்றி வைப்பது சுலபம்.

மூன்றாவது, சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் சாய்வு நாற்காலி, கால்கள் ஒரு முக்காலி மேல். இந்த நேரத்தில் கதவைத் திறக்கப் போவது கிடையாது, கழிவறைக்குப் போவதாக இருந்தால் கூட ஒரு ஆள். முன்பு டிபன் முடித்து வெந்நீரில் குளிப்பார், அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றினோம். வெந்நீர் தோலில் உள்ள குழாய்களை விரித்து இன்னொரு ஷட்டரையும் திறந்துவிடுகிறது. சாப்பிட்டதும் நடந்தால் நல்லது என்று சொல்வார்களே என்று அப்பா கேட்டார். நடக்கும்வரை அழுத்தம் ஓரளவு நிற்குமாம், நடையை நிறுத்தி உட்கார்ந்ததும் மறுபடி இறங்கிவிடுமாம். ஒரு முறை விழுந்தவருக்குத் துணை இல்லாமல் அந்த நடை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்தேன். சாப்பாட்டுக்கு முன் 148, ஆகக் கீழே போனது 122. இறக்கம் 26, அதாவது விளக்கத்தின்படி கோளாறு இன்னும் இருக்கிறது. ஆனால் அப்பா பேப்பரில் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டார். இதற்கும் சரிப்படாவிட்டால் அகார்போஸ் என்று ஒரு மாத்திரை இருப்பதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். சர்க்கரை நோய்க்குத் தருவதுதான். குடலில் மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்துகிறது, அதனால் இறக்கமும் குறைகிறது. வயிறு உப்புசம், வாயுத் தொல்லை வரும் என்பதால் கையிருப்பாக வைத்துக்கொள்வோம் என்றார். இதுவரை தேவைப்படவில்லை.

மயக்கம் வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோருக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சேர்த்துச் சொல்லி வைத்திருக்கிறேன். நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைக்கக் கூடாது, அங்கேயே தரையில் படுக்க வைத்துக் காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைக்க வேண்டும். முழுசாகத் தெளியும்வரை வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரை நோயாளி என்றால் குத்திப் பார்த்து, 70-க்குக் கீழே இருந்தால் சர்க்கரை தேவை, இல்லையென்றால் குளுக்கோஸ் வேண்டாம். பார்க்கக் கருவியே இல்லாமல், அவர் இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ போடுகிறவராக இருந்தால், தெளிந்தபின் கொஞ்சம் சர்க்கரை கொடுத்துவிடலாம், சர்க்கரை நிஜமாகவே இறங்கியிருந்தால் காத்திருப்பது அதைவிட ஆபத்து. ஒரு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, விழுந்ததில் தலையில் அடிபட்டாலோ உடனே 108. சாப்பிட்ட பிறகு வந்தது என்பதாலேயே அது இந்தக் கோளாறுதான் என்று நினைத்துவிடக் கூடாது. பக்கவாதமும் இதயத் துடிப்புக் கோளாறும் சாப்பிட்ட பிறகு வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. முதல் தடவை மயங்கி விழுந்தவருக்கு ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். எங்களுக்கு முதலில் எடுத்த பரிசோதனைகளை நான் குறை சொல்லவில்லை, அளக்காமல் விட்ட ஒன்றைத்தான் சொல்கிறேன்.

நோட்டு இன்னும் தொடர்கிறது, மாதம் ஒரு நாள். சித்திரை வெயிலில் இறக்கம் மறுபடி 38 வரை போனது. வெயிலில் தோலுக்கு ரத்தம் போகிறது, வியர்வையில் தண்ணீர் போகிறது, கணக்கு இடிக்கத்தான் செய்யும். டாக்டரம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லி, மதியச் சாதத்தையும் இரண்டாகப் பிரித்தோம். கல்யாண வீடுகள்தான் இன்னும் பிடிபடவில்லை. பந்தியில் பாதி இலையோடு எழுந்தால் பரிமாறுகிறவர் விடுவதில்லை, சாப்பிட்டதும் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு இனிப்பை இலையிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன், மண்டபத்திலேயே மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

இந்த வருடம் ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் முடிந்ததுமே படித்துறையில் பழமும் தண்ணீரும் கொடுத்துவிட்டேன், அப்பா முறைத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு, சாதம் ஒரே முறை, பாயசம் நாலு மணிக்கு என்று ஒத்திப்போட்டாயிற்று. சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுத்திருந்தவர் ஒரு மணிக்குக் கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்: "என்னடா, ஷட்டர்காரன் வந்துட்டானா?"

கருவியைப் பார்த்தேன். 126. "வந்துட்டார்ப்பா. இன்னும் கால் மணி இருங்க, எழுந்திரிக்கலாம்."